புத்தகப் பக்கத்தை விட்டு விலகாத பாடக்குறிப்பு: சாட்பாட்டிடம் வேலை வாங்கும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவள மையக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையிலும், அதன்பிறகு வாட்ஸ்அப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் இவற்றைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உதாரணத்துக்கு ஆறாம் வகுப்பு அறிவியல், முதல் பருவம், ‘அளவீடுகள்’ பாடத்தை எடுத்துக்கொண்டேன். அதிலும் பெரும்பாலும் ஒரே ஒரு பாடவேளைதான்: ஒழுங்கற்ற வடிவமுள்ள கல்லின் கன அளவைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் கண்டுபிடிப்பது.

பாடத்தோட பேரைச் சொன்னாலே முழுசா எழுதித் தருதே சார், பக்கத்தை எதுக்கு நாம கொடுக்கணும்?

பெயரை மட்டும் சொன்னால் உலகத்தில் எங்கெங்கோ ‘அளவீடுகள்’ என்ற தலைப்பில் எழுதப்பட்டதையெல்லாம் கலந்து ஒரு பாடம் வரும். படிக்க நன்றாக இருக்கும், அறிவியலாகவும் சரியாக இருக்கும். உங்கள் வகுப்புக்குரிய பாடமாக மட்டும் இருக்காது. கல்லின் கன அளவு என்று ஆரம்பித்து அடர்த்திக்குப் போய்விடும். நம் பாடத்திட்டத்தில் அடர்த்தி ஏழாம் வகுப்பு ‘அளவீட்டியல்’ பாடத்தில்தான் வருகிறது. நீளம் அளப்பது என்றால் வெர்னியர் அளவியைக் கொண்டுவந்து வைக்கும். அது ஒன்பதாம் வகுப்புச் சமாச்சாரம்.

மத்திய வாரியப் புத்தகத்தின் வரிசையும் சத்தமில்லாமல் உள்ளே வரும். அவர்கள் எதற்குப் பின் எதை வைத்திருக்கிறார்களோ அதே வரிசையில் உங்கள் பாடக்குறிப்பு அமைந்துவிடும். வகுப்பில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டீச்சர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எந்தப் பக்கமெல்லாம் கொடுக்கணும்? மொத்தப் புத்தகத்தையும் ஏத்திட்டா வேலை முடிஞ்சுது இல்லையா?

மொத்தப் புத்தகத்தையும் ஏற்றினால் பழைய சிக்கலே சிறிய அளவில் திரும்பி வரும். அந்தப் பாடவேளைக்குத் தேவையில்லாத பத்திகளிலிருந்தும் அது எடுத்துப் போடும். நான் மூன்று வகைப் பக்கங்களை மட்டும் கொடுக்கிறேன்: பாடத்தின் தொடக்கத்தில் உள்ள கற்றல் நோக்கங்கள், அன்றைக்கு நடத்தப்போகிற பத்திகள், பாடத்தின் இறுதியில் உள்ள மதிப்பீட்டு வினாக்கள். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கருத்தை எவ்வளவு ஆழத்துக்கு நடத்த வேண்டும் என்பதற்கான எல்லைக்கோடு அந்த வினாக்களில்தான் இருக்கிறது.

கொடுக்கும்போது பத்திகளுக்கு நீங்களே எண் போடுங்கள். முதல் பக்கத்தின் மூன்றாம் பத்தி என்றால் ப1-3. அச்சிட்ட பக்க எண்ணை நம்பினால் குழப்பம் வரும். அட்டை, முன்னுரை எல்லாம் சேர்ந்திருப்பதால் கோப்பின் பக்க எண்ணும் புத்தகத்தின் பக்க எண்ணும் ஒத்துவராது. சாட்பாட் ஓர் இடத்தில் இதையும் இன்னோர் இடத்தில் அதையும் சொல்லும்.

பி.டி.எஃப்.லேர்ந்து காப்பி பண்ணி ஒட்டினா எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது டீச்சர். அப்படியே கொடுத்தாலும் அதுக்குப் புரியுமா?

சில சமயம் புரிந்ததுபோல நடிக்கும். அதில்தான் ஆபத்து. அச்சுக்காகத் தயாரித்த தமிழ்க் கோப்புகள் பலவற்றில் திரையில் தெரியும் வடிவம் ஒன்று, உள்ளே பதிவாகியிருக்கும் எழுத்து வேறொன்று. ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். சில எழுத்துகள் கட்டங்களாக வரும். இப்படி உடைந்த வாக்கியத்தைக் கொடுத்தால், பாதியைப் படித்து மீதியைத் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும். கேட்டது நம் புத்தகம், கிடைப்பது அதன் ஊகம்.

அதனால் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் நிமிர்த்திவைத்துப் படம் எடுத்துக் கொடுங்கள், அல்லது திரைப்பிடிப்பு கொடுங்கள். ஆனால் உடனே பாடக்குறிப்பு கேட்காதீர்கள். முதலில் ‘இந்தப் பக்கத்தில் உள்ளதை ஒரு சொல்லும் மாற்றாமல் தட்டச்சு செய்’ என்று கேட்டு, வந்ததைப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எண்ணையும் அலகையும்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மீ² என்பதில் மேலே இருக்கும் சின்ன 2 காணாமல் போனால் பரப்பளவு நீளமாகிவிடும். செ.மீ³ என்பதில் இருக்கும் 3 கீழே இறங்கி வந்து ஏதாவது எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சரிபார்த்த இந்த உரையைத்தான் பத்தி எண் போட்டுச் சேமித்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டும் உதவும்.

படங்களை அது சரியாப் பார்க்குமா?

என்ன படம் என்று சொல்லிவிடும். படத்தில் எது எங்கே இருக்கிறது என்பதில் தடுமாறும். அளவுகோலின் மேல் மூன்று இடங்களிலிருந்து கண் பார்ப்பதுபோல் இடமாறு தோற்றப் பிழைக்கு ஒரு படம் வருமே, அதைக் கொடுத்தால் ‘மூன்று நிலைகளிலிருந்து பார்க்கிறார்கள்’ என்பது வரை சரியாகச் சொல்லும். எந்தக் கண் எந்த அளவைப் படிக்கிறது என்று கேட்டால் படத்தைப் பார்க்காமலே பொது அறிவில் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. படத்துக்கு இரண்டு வரி விளக்கத்தை நீங்களே எழுதி, அதற்கும் ஒரு பத்தி எண் கொடுத்துவிடுங்கள்.

சரி, என்னன்னு கேட்கணும்? அந்த வாசகத்தைக் கொஞ்சம் அனுப்புங்களேன்.

நான் பயன்படுத்துவது இது. எண்களை உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```
கீழே உள்ள பத்திகள் மட்டுமே ஆதாரம்.
வகுப்பு 6, அறிவியல். ஒரு பாடவேளை, 40 நிமிடம்.
மாணவர் 38. அளவிடும் குவளை 2 மட்டுமே உள்ளது.
ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்தி எண்ணையும்,
அந்தப் பத்தியில் உள்ள சொற்களை மாற்றாமல் மேற்கோளாகவும் போடு.
பத்திகளில் இல்லாததைச் சேர்க்க நினைத்தால்
"பக்கத்தில் இல்லை" என்ற தனித் தலைப்பில் போடு.
தேவையான செய்தி பத்திகளில் இல்லையென்றால் "இல்லை" என்று எழுது.
கலைச்சொற்களைப் பத்தியில் உள்ளபடியே எழுது.
```

இதில் எனக்கு அதிகம் பயன்பட்டது “பக்கத்தில் இல்லை” என்ற தலைப்பு. ‘எதையும் சேர்க்காதே’ என்று மட்டும் சொன்னால் சேர்க்க நினைத்ததைப் பாடத்துக்குள் நுழைத்துவிடுகிறது. தனியாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கே கொண்டுபோய் வைக்கிறது. வேண்டியதை நாம் பொறுக்கிக்கொள்ளலாம். ‘இல்லை’ என்று சொல்ல அனுமதி கொடுப்பதும் முக்கியம். அந்த அனுமதி இல்லாவிட்டால் எப்படியாவது ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது.

அறிமுகம், வாசித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று உங்கள் பள்ளியில் எழுதும் படிவம் இருந்தால், அந்தத் தலைப்புகளையும் இதே வாசகத்தில் வரிசையாகக் கொடுத்துவிடுங்கள்.

பத்தி எண் போட்டுத்தானே தருது, அப்புறம் நாம வேற சரிபார்க்கணுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். எண் இருப்பதால் மட்டும் செய்தி அங்கே இருக்கிறது என்று ஆகிவிடாது. மூன்று விதமான கோளாறுகள் வரும். இல்லவே இல்லாத பத்தி எண்ணைப் போடும். இது சுலபமாகத் தெரிந்துவிடும். பத்தி சரியாக இருக்கும், ஆனால் மேற்கோளில் சொற்கள் மாறியிருக்கும். மூன்றாவதுதான் கண்ணுக்குத் தப்பும்: பத்தியும் சரி, மேற்கோளும் சரி, ஆனால் அதை வைத்து எழுதிய வரி, பத்தி சொல்லாத ஒன்றைச் சொல்லும்.

மேற்கோள் கேட்பதே முதல் இரண்டையும் பிடிக்கத்தான். சேமித்துவைத்த உரையில் Ctrl+F அழுத்தி மேற்கோளிலிருந்து நாலைந்து சொற்களை ஒட்டினால் போதும், இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்றாவதற்குக் குறுக்குவழி கிடையாது. மேற்கோளையும் பாடக்குறிப்பின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தே ஆக வேண்டும். ஒரு பாடவேளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள்தான் இருக்கும்.

நோட்புக்எல்எம் மாதிரி நாம ஏத்தின கோப்பை மட்டும் பார்த்துச் சொல்றது இருக்கே, அதுல இந்தத் தொல்லை இல்லைன்னாங்களே?

தொல்லை குறையும். பதிலில் இருக்கும் எண்ணைத் தட்டினால் மூலப்பகுதியைக் காட்டுவதால் சரிபார்க்கும் வேலை வேகமாக முடியும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் உடைந்த எழுத்துள்ள கோப்பை ஏற்றினால் அங்கேயும் உடைந்த உரையைத்தான் படிக்கும். மேலே சொன்ன மூன்றாம் வகைக் கோளாறும் அங்கே வரும். சரிபார்த்த உரையை ஏற்றுங்கள், வரியையும் மேற்கோளையும் ஒப்பிடுங்கள். கருவி எதுவாக இருந்தாலும் இந்த இரண்டையும் விட முடியாது.

ஒரு பாடத்தை எடுத்து, அது தந்தது என்ன, நீங்க திருத்தினது என்னன்னு காட்டுங்க சார். அப்பத்தான் புரியும்.

கல்லின் கன அளவையே பார்ப்போம். பத்திகள் சொல்வது சுருக்கமாக இதுதான்: அளவிடும் குவளையில் தண்ணீர் எடுத்து மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், கல்லை நூலில் கட்டி மூழ்க விட வேண்டும், உயர்ந்த மட்டத்தைக் குறிக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கல்லின் கன அளவு. இதற்கு வந்த பாடக்குறிப்பில் அறிமுகம் நன்றாக இருந்தது. சாக்பீஸ் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி அதன் கன அளவைக் காணச் சொல்லிவிட்டு, ஒரு கல்லைக் காட்டி ‘இதற்கு எதைப் பெருக்குவீர்கள்?’ என்று கேட்கச் சொன்னது. இதை நானாக யோசித்திருந்தாலும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பேன்.

செயல்பாட்டின் முடிவில் வந்த வரி இது: ‘கல் வெளியேற்றிய நீரின் எடையே கல்லின் கன அளவு என மாணவர் உணர்வர்.’ பத்தி எண் சரியாக இருந்தது. மேற்கோளும் மட்டம் உயர்வதைப் பற்றிய வாக்கியம்தான், ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் ‘எடை’ என்ற சொல் அந்தப் பத்தியில் எங்குமே இல்லை. கல்லின் கன அளவுக்குச் சமமாக இருப்பது அது இடம்பெயர்த்த நீரின் கன அளவு. நீரின் எடையைச் சொல்வது ஆர்க்கிமிடீஸ் தத்துவம், மேல்நோக்கு விசை பற்றிய வேறு பாடம். இரண்டையும் சேர்த்தே கேட்டுப் பழகிய வாயிலிருந்து வருவதுபோல அந்தச் சொல் வழுக்கி விழுந்திருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன மூன்றாம் வகை இதுதான். அவசரத்தில் படித்தால் யாருக்கும் தப்பிவிடும்.

மதிப்பீட்டில் ‘கல்லின் அடர்த்தியைக் காண்க’ என்று ஒரு வினா இருந்தது. ஏழாம் வகுப்புக்கு உரியது, அடித்துவிட்டேன். தொடர்பணியில் ‘வீட்டிலுள்ள தக்கை, கற்கண்டு, சாவி ஆகியவற்றின் கன அளவை இதே முறையில் காண்க’ என்றிருந்தது. சாவி சரி. தக்கை மிதக்கும், முழுதாக மூழ்காத பொருளுக்கு இந்த முறையில் கன அளவு வராது. கற்கண்டு கரைந்துவிடும். ‘பக்கத்தில் இல்லை’ என்ற தலைப்பின் கீழ் வந்திருந்தாலும் இந்த இரண்டையும் நீக்கித்தான் இருப்பேன். ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் வாய்மொழியாக, ‘தக்கைக்கு ஏன் இந்த முறை சரிவராது?’ என்று கேட்பதற்காகக் குறித்துவைத்துக்கொண்டேன்.

பக்கத்துல இருக்கிற ஏதாவது விட்டுப்போயிருந்தா? இல்லாததுக்கு மேற்கோள் எங்கேர்ந்து வரும்?

வராது. அதனால் எதிர்த்திசையிலும் ஒருமுறை போக வேண்டும். உங்கள் பத்திகளை ப1-1இலிருந்து வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் பாடக்குறிப்பில் எங்கே வந்திருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். குறி விழாத பத்திதான் விட்டுப்போனது. சாட்பாட்டிடமே ‘எந்தப் பத்தி எண்களை நீ பயன்படுத்தவில்லை?’ என்றும் கேட்கலாம். பத்தி எண்களை மட்டும் ஒப்பிடும் வேலை என்பதால் ஓரளவு சரியாகச் சொல்லும். ஆனால் இறுதிக் கணக்கு உங்கள் பென்சிலுடையதாக இருக்கட்டும்.

கல் பாடத்தில் இப்படிப் பிடிபட்டது இடமாறு தோற்றப் பிழை. அது நீளத்தை அளக்கும் பகுதியில் முன்பே வந்துவிட்டது, பத்திகளோடு நான் கொடுத்தும் இருந்தேன். குவளையில் நீர்மட்டத்தைப் பார்க்கும்போதும் கண் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும் அல்லவா? பாடக்குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பத்திக்குக் குறி விழவில்லை என்று பார்த்த பிறகுதான் செயல்பாட்டில் ‘குவளையை மேசையில் வைத்து, குனிந்து, மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க’ என்று சேர்த்தேன். நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கும் குழுவுக்கும் குனிந்து பார்க்கும் குழுவுக்கும் அதே கல்லுக்கு வேறு வேறு விடை வரும்.

புத்தகத்துல இல்லாத உதாரணம் ஒண்ணு சேர்த்தா அது தப்பா? அப்படின்னா நாங்க எதுக்கு இருக்கோம்?

தப்பே இல்லை. கருத்து, வரையறை, அலகு, சூத்திரம், செயல்பாட்டின் படிகள், மதிப்பீட்டின் ஆழம் ஆகியவை பக்கத்திலிருந்து வர வேண்டும். அந்தக் கருத்தைப் பிள்ளைக்குக் கொண்டுசேர்க்கும் பொருளும் கதையும் உங்களுடையவை. வளைகோட்டின் நீளத்தை நூல் கொண்டு அளப்பதற்கு வாசலில் போட்ட கோலத்தை எடுத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து ஓடிவந்த கதையையும் சொல்லலாம், கதையாகவே சொல்லி நிறுத்திக்கொண்டால்.

உதாரணம் புதிய கருத்தை இழுத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். கோலம் எதையும் இழுத்துவராது. தக்கை ‘ஏன் மிதக்கிறது?’ என்ற கேள்வியை இழுத்துவரும். சாட்பாட்டிடம் உதாரணம் கேட்கும்போது ‘எங்கள் ஊர் வயல் பகுதி, பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள்களாகச் சொல்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பந்துவீச்சு அரங்கமும் பீட்சாவும் வரும்.

புத்தகத்துல இருக்கிறதே பழசா இருந்தா என்ன பண்றது? அது சொல்றதுதானே சரி?

கிலோகிராமை வைத்துத்தான் இந்தக் கேள்வி எப்போதும் வரும். பிரான்சில் செவ்ரெஸ் என்ற இடத்தில் பன்னாட்டு எடைகள் மற்றும் அளவைகள் நிறுவனம் பாதுகாக்கும் பிளாட்டினம்-இரிடியம் உலோகக் கலவை உருளையின் நிறைதான் ஒரு கிலோகிராம் என்பது 1889 முதல் இருந்த வரையறை. 2018 நவம்பரில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் அதை மாற்ற முடிவு செய்தார்கள். 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை அடிப்படையாகக் கொண்ட புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட புத்தகத்தில் உருளைதான் இருக்கும். சாட்பாட்டுக்குப் புதியது தெரியும் என்பதால், கண்டிப்பாகச் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதை ‘திருத்தி’ எழுதிவிடும். திருத்தியதை உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

என் வழக்கம் இது. பாடக்குறிப்பில் பக்கத்தில் உள்ளதே இருக்கும். தேர்வில் வருவது அதுதான். ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘2019 முதல் வரையறை மாறிவிட்டது, அந்த உருளையை இப்போது அளவுகோலாகக் கொள்வதில்லை.’ வகுப்பில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வேன். பிளாங்க் மாறிலி என்ற பெயரை ஆறாம் வகுப்பில் எடுக்க மாட்டேன். இன்னொரு நன்மையும் உண்டு. ‘பத்திகளுக்கும் உனக்குத் தெரிந்ததற்கும் முரண் இருந்தால், பாடக்குறிப்பை மாற்றாமல் தனியாகச் சொல்’ என்று வாசகத்தில் சேர்த்துவிட்டால் இப்படிப் பழசாகிப்போன இடங்களை அதுவே காட்டிக்கொடுக்கும். அது காட்டியதையும் வேறோர் இடத்தில் உறுதிசெய்துகொண்டுதான் வகுப்பில் சொல்ல வேண்டும். முரண் இருப்பதாகத் தவறாகவும் சொல்லும்.

கலைச்சொல்லை மாத்தி மாத்திப் போடுது டீச்சர். பிள்ளைங்க குழம்புது.

நான் பார்த்தவரை ஒரே பாடக்குறிப்பில் ‘இடமாறு தோற்றப் பிழை’ ஓரிடத்தில், ‘பாரலாக்ஸ் பிழை’ ஓரிடத்தில், அதுவே உண்டாக்கிய தமிழாக்கம் ஓரிடத்தில் என்று வரும். தேர்வுத்தாளில் புத்தகச் சொல்தான் வரும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பத்திகளிலிருந்து கலைச்சொற்களை மட்டும் முதலில் பட்டியலாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் சரிபார்த்த பிறகு ‘இந்தப் பட்டியலில் உள்ள சொற்களை மட்டும் பயன்படுத்து’ என்று திருப்பிக் கொடுங்கள். ஆங்கிலவழிப் பிரிவுக்கும் நடத்துகிறவர்கள் இரண்டு புத்தகத்தின் பக்கங்களையும் கொடுக்க வேண்டும். மொழிபெயர்க்கச் சொன்னால் புத்தகச் சொல் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செயல்பாட்டுக்குப் பத்து நிமிஷம்னு போடுது. முப்பத்தெட்டுப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டுப் பத்து நிமிஷத்துல முடியுமா?

முடியாது. நேரம் என்பது பக்கத்தில் இல்லாத செய்தி, அதனால் அது ஊகிக்கிறது. நீங்கள்தான் கணக்கைக் கொடுக்க வேண்டும். குவளை இரண்டு, குழு ஆறு என்றால் மூன்று சுற்று. ஒரு குழு மட்டம் பார்த்து, கல்லை இறக்கி, மறுபடி பார்த்து, நோட்டில் எழுத நாலு நிமிடம் ஆகும். சிந்திய தண்ணீரைத் துடைத்து அடுத்த குழுவிடம் கொடுக்க ஒரு நிமிடம். பதினைந்து நிமிடம் இதற்கே போய்விடும். காத்திருக்கும் நாலு குழுவுக்கும் வேலை வேண்டும். இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்து, ‘காத்திருக்கும் குழுக்களுக்குப் பத்திகளிலிருந்தே ஒரு பணி கொடு’ என்று கேட்டபோது, பெட்டியின் கன அளவு காணும் கணக்கை அவர்களுக்கு ஒதுக்கியது. உருப்படியான யோசனை.

குவளை போதாவிட்டால் வெட்டிய தண்ணீர் பாட்டிலில் காகிதப் பட்டை ஒட்டி, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சால் பத்துப் பத்து மில்லிலிட்டராக ஊற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கருவி மாறினாலும் படிகள் மாறவில்லை, பக்கத்தோடு முரண்பாடும் இல்லை. பத்து மி.லி. கோடுகளுக்கு இடையில் உத்தேசமாகத்தான் படிக்க முடியும் என்பதால், கல்லைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதிலிருந்து அறுபத்தெட்டுக்கு ஏறினால் 18 மி.லி., அதாவது 18 கன சென்டிமீட்டர். கூழாங்கல்லைப் போட்டால் கோடு அசைந்ததா என்றே தெரியாது.

ஆரம்பத்துல ஒழுங்கா இருக்கு. நாலஞ்சு தடவை திருத்தச் சொன்னா மறுபடி பழையபடி ஆயிடுது. ஏன்?

உரையாடல் நீளும்போது முதலில் கொடுத்த பத்திகளின் பிடி தளர்ந்து, அண்மையில் பேசியதன் பிடி இறுகுகிறது. ‘இன்னும் சுவாரசியமாக்கு’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடர்த்தியும் யுரேகாவும் திரும்ப வந்துவிடும். ஒரு பாடவேளைக்கு ஓர் உரையாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று திருத்தத்துக்கு மேல் தேவைப்பட்டால் புதிய உரையாடலைத் திறந்து, பத்திகளையும் அதுவரை சரியான வடிவத்தையும் ஒட்டித் தொடருங்கள். ஒரு வரியை மாற்றக் கேட்கும்போது ‘ஆறாவது வரியை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே’ என்று சொல்லுங்கள். முழுவதையும் திரும்ப எழுத விட்டால் சரிபார்த்த வரிகளும் மாறிப்போய், முதலிலிருந்து பார்க்க வேண்டியதாகிவிடும்.

‘நீ எழுதினது பக்கத்துல இருக்கிறபடி இருக்கா?’ன்னு அதுக்கிட்டயே கேட்டுட்டா என்ன?

‘ஆம், முழுமையாக உள்ளபடியே இருக்கிறது’ என்று சொல்லும். அந்த ‘எடை’ வரியைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்லலாம். இன்னும் சில சமயம், நாம் சந்தேகப்படுகிறோம் என்பதற்காகவே மன்னிப்புக் கேட்டுச் சரியான வரியையும் மாற்றிவிடும். பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை.

புதிய உரையாடலில், பத்திகளையும் பாடக்குறிப்பையும் கொடுத்து, ‘பாடக்குறிப்பில் இருக்கும், ஆனால் பத்திகளில் எங்கும் வராத பெயர்ச்சொற்களைப் பட்டியலிடு’ என்று கேளுங்கள். எடை, அடர்த்தி, தக்கை ஆகிய மூன்றும் இப்படிக் கேட்டால் மேலே வந்துவிட வாய்ப்பு அதிகம். பாடக்குறிப்பு கேட்பதற்கு முன்பே ஒரு சோதனையும் செய்யலாம். பத்திகளைக் கொடுத்துவிட்டு ‘இதில் அடர்த்திக்கு என்ன வரையறை உள்ளது?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று வந்தால் மேலே போகலாம். வரையறை ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அது பத்திகளைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று பொருள். வாசகத்தைத் திரும்பக் கொடுத்துப் புதிதாக ஆரம்பியுங்கள்.

மெதுவாக் கற்கிற பிள்ளைங்க பேரு, மார்க்கெல்லாம் கொடுத்தா அவங்களுக்கு ஏத்த மாதிரி எழுதித் தருமா?

பெயரும் மதிப்பெண் பட்டியலும் வேண்டாம். ‘எட்டுப் பேருக்குப் பெருக்கல் தடுமாற்றம், ஐந்து பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்’ என்றால் அதற்குப் போதும்.

ஆய்வுக்கு வர்றவங்க ‘இது நீங்க எழுதினதா, அது எழுதினதா’ன்னு கேட்டா?

பத்தி எண்களை அழிக்காமல் பாடக்குறிப்பின் ஓரத்தில் வைத்திருங்கள், அச்சிட்ட பக்க எண்ணாக மாற்றி. எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் புத்தகத்தைத் திறந்து காட்டலாம். நீங்கள் சேர்த்த உதாரணங்களுக்கு வேறு மையில் அடையாளம் இருக்கட்டும். நடத்தி முடித்த பின் பணிமுடிப்புப் பதிவேட்டில் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். பாடக்குறிப்பில் இருந்ததை அப்படியே நகலெடுத்தால்தான் அந்தக் கேள்விக்கு வேலை வரும்.

தமிழ்ப் பாடத்துக்கும் இதே முறை போதுமா? நான் தமிழாசிரியர்.

உரைநடைக்கும் இலக்கணத்துக்கும் போதும். செய்யுளுக்குப் போதாது. அறிவியலில் சொல் கொஞ்சம் மாறினாலும் கருத்து நிற்கும், செய்யுளில் ஒரு சீர் மாறினால் தளை தட்டும். பத்தியைக் கண்முன் வைத்திருந்தாலும் பாடலைத் திரும்பத் தட்டச்சு செய்யும்போது சந்தி பிரித்துவிடும், பழக்கமான வேறு சொல்லைப் போட்டுவிடும். குறளின் எண்ணையும் அதிகாரத்தையும் மாற்றிச் சொல்வது சர்வசாதாரணம். இல்லாத குறளைக்கூட வெண்பா ஓசையோடு எழுதிக் காட்டும்.

அதனால் பாடல் வரும் இடத்தில் ‘[பாடல்]’ என்று மட்டும் போடச் சொல்லுங்கள், வரிகளைப் புத்தகத்திலிருந்து நீங்கள் ஒட்டுங்கள். சொற்பொருள், பாடலின் பொருள், இலக்கணக் குறிப்பு மூன்றையும் புத்தகத்தில் உள்ளபடி பத்திகளாகக் கொடுத்துவிடுங்கள். இலக்கணக் குறிப்பைச் சொந்தமாகச் சொல்ல விடாதீர்கள். வினைத்தொகையைப் பண்புத்தொகை என்று மிகுந்த நம்பிக்கையோடு சொல்லும். ‘ஊறுகாய்’ போன்ற எளிய சொல்லைக் கொடுத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கே ஒரு மதிப்பீடு கிடைக்கும்.